முட்டிக்கு அடியில் வைத்த தலையணை

கோயம்புத்தூரில் வலது முட்டியை மாற்றிக்கொண்டு நான்காம் நாள் கோத்தகிரிக்குத் திரும்பினேன். காரின் பின் சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்தார்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு முறை, மலைப்பாதையில் ஒரு முறை நிறுத்தி, வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடந்தேன். மற்ற நேரமெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டியபடியே வந்தேன். கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து ஏழு படி இறங்க வேண்டும். மலை வீடு, வேறெப்படி இருக்கும்? இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். ஆஸ்பத்திரியிலேயே பழக்கியிருந்ததால் படி ஒரு பிரச்சினையாகவே இல்லை. பிரச்சினை கட்டிலில் இருந்தது.

முட்டி வீங்கியிருக்கும்போது அதை லேசாக மடக்கி வைத்தால்தான் சுகம். வீட்டுக்காரர் பாசத்தோடு ஒரு தலையணையை முட்டிக்கு அடியில் வைத்தார். அப்பாடா என்று இருந்தது. ஐந்து நாள் பகலும் இரவும் அப்படியே படுத்தேன்.

ஒன்பதாம் நாள் பிசியோதெரபி தம்பி வந்தார். வந்ததும் கண்ணில் பட்டது அந்தத் தலையணைதான். இரண்டு கை உள்ள கோணமானியை முட்டியின் பக்கவாட்டில் வைத்து அளந்தார். 78 டிகிரி மடங்கியது. நான் சந்தோஷப்பட்டேன். நீட்டச் சொன்னார். நேராக வர 12 டிகிரி பாக்கி நின்றது.

“மடக்குவது மெதுவாக வரட்டும்மா, இன்னும் சில மாதம்கூடக் கூடும். நீட்டுவதை இப்போது விட்டால் அப்புறம் மீட்பது கஷ்டம்” என்றார். காரணத்தையும் சொன்னார். காயம் ஆறும் நாட்களில் முட்டி எந்த நிலையில் கிடக்கிறதோ, பின்பக்கத் தசையும் உள்ளே உருவாகும் தழும்பும் அந்த நிலைக்கே இறுகும். நேராகாத காலில் நின்றால் தொடைத் தசை ஓய்வே இல்லாமல் உழைக்கும், நொண்டலும் நிற்காது.

தலையணை போனது. குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டு வந்தது. முட்டிக்குக் கீழே வெறும் காற்று. அப்படி 10 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை. கூடவே தொடையை இறுக்கி, முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி, 5 வரை எண்ணி விட வேண்டும். சொல்வதற்கு எளிது. முதல் நாள் மூன்றாம் நிமிடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு போடும்படி நேரத்தை மாற்றிக்கொண்ட பிறகுதான் பத்து நிமிடம் தாங்கியது.

அடுத்த சண்டை ஐஸுக்கு. ஜூலை மழை, குளிர். எதிர்வீட்டு அக்கா வெந்நீர்ப் பையோடு வந்து நின்றார். ஆனால் புதுக் காயத்தில் சூடு வைத்தால் வீக்கம் ஏறும். உறைந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி, பயிற்சி முடிந்ததும் 15 நிமிடம் வைத்தேன். அது முட்டியின் வளைவுக்கு ஏற்பப் படியும். (அந்தப் பட்டாணியைக் கடைசிவரை யாரும் குருமாவில் போடவிடவில்லை.) அக்கா கெண்டைக்காலை எண்ணெய் தேய்த்து உருவிவிடவும் வந்தார், அதையும் மறுத்தேன். அங்கே ரத்தக்கட்டி இருந்தால் உருவுவது ஆபத்து. ஒரு கெண்டைக்கால் மட்டும் கல் மாதிரி வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

14ஆம் நாள் ஸ்டேப்பிள் பின்களை எடுத்தார்கள். அன்று மடக்கம் 90. நீட்டலில் பாக்கி 7. மூன்றாம் வாரம் 4 ஆனது. நடுவில் ஒரு நாள் உற்சாகத்தில் தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் நடந்து, முட்டி பந்தாக வீங்கி, மறுநாள் மடக்கம் பத்து டிகிரி குறைந்தது. வீக்கம் வடிய இரண்டு நாள். அதிகமாகச் செய்தேன் என்பதை அளவே காட்டிக்கொடுத்தது.

நான்காம் வாரம் வாக்கரை விட்டுக் கைத்தடி. அதை இடது கையில் பிடிக்க வேண்டும் என்பது எனக்குப் புதிது. வலிக்கும் காலின் பக்கம் பிடிப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஆறாம் வார முடிவில் நீட்டல் பாக்கி இல்லை, மடக்கம் 112. தழும்புக்கு வெளிப்பக்கம் ஓர் உள்ளங்கை அளவு மரத்தே கிடக்கிறது. நடக்கையில் சில சமயம் டக்கென்று ஒரு சத்தம். இரண்டும் சகஜம்தான் என்றார் டாக்டர். இரவுத் தூக்கம் மட்டும் இன்னும் துண்டு துண்டாக. பழைய தலையணை இப்போது, ஒருக்களித்துப் படுக்கும்போது, இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கிறது.