"நான் கவனிச்சேன் சார்"

இறுதியாண்டு புராஜெக்டின் இரண்டாவது ரிவ்யூ. மண்ணின் ஈரத்தைப் பார்த்து வாழைக்குத் தானே தண்ணீர் திறந்துவிடும் கருவி எங்களுடையது. கைடு சென்சாரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு கால் மட்டும் ஏன் கறுத்துப்போயிருக்கு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தோழி சொல்லிவிட்டாள். "அதை நான் கவனிச்சேன் சார். ஈர மண்ணில் எப்போதும் கரண்ட் ஓடுவதால் ஒரு கால் அரிக்குது. அதனால் பவரை ஆர்டுயினோ பின்னில் இருந்து கொடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை, அளக்கும்போது மட்டும் ஆன் பண்ற மாதிரி மாத்திட்டேன்."

கைடு "வெரி குட்" என்றார். நான் லேப்டாப் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கவனித்தது நான். சின்னமனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மூன்று வாரம் புதைத்து வைத்திருந்த சென்சாரை நான்தான் பிடுங்கிப் பார்த்தேன். மண் சொதசொதவென்று இருந்தது, அளவு மட்டும் காய்ந்த மண்ணுக்கு உரியதாக வந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால் ஒரு காலில் செம்புப் பூச்சே இல்லை. பவரை விட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று அன்றிரவே அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்.

ரிவ்யூ முடிந்ததும் செய்த முதல் காரியம் தப்பு. ரூம்மேட்டிடம் புலம்பித் தீர்த்தேன். மறுநாள் காலை மெஸ் வரிசையில் நிற்கும்போது அவள் முகமே சரியில்லை. விஷயம் எனக்கு முன்னால் அவளிடம் போய்விட்டிருந்தது, அதுவும் "திருட்டு" என்ற சொல்லோடு. நான் அந்தச் சொல்லைச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

அன்று மத்தியானம் ரஃப் நோட்டில் எழுதிப் பார்த்தேன். முதலில் ஒன்றரைப் பக்கம் வந்தது. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதை அடித்தேன், ஏனென்றால் அது உண்மையில்லை. முதல் வருடம் நடந்த பழைய கதையையும் அடித்தேன். கடைசியில் மூன்று வரிகள் மிஞ்சின. வாட்ஸ்அப் செய்தியை எடுத்துக்கொண்டு போகலாமா என்றும் யோசித்தேன். போன் கையில்தான் இருந்தது, ஆனால் காட்டவில்லை. காட்டினால் அவள் செய்தியின் தேதியைப் பற்றித்தான் பேசுவாள், என்னைப் பற்றிப் பேசமாட்டாள்.

சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டைமாடியில், துணி எடுக்க வந்தவளை நிறுத்தினேன். "ரூம்ல பேசினதுக்கு முதல்ல சாரிடி. உங்கிட்டதான் நேரா சொல்லியிருக்கணும். நேத்து 'நான் கவனிச்சேன்'னு சொன்னப்ப எனக்கு ரொம்ப வலிச்சுச்சு. மார்க் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அது இல்ல. நான் பக்கத்துலயே நிக்கிறேன், நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

அவள் சிரித்தாள். "நாம ஒரே டீம்தானேடி. நான்னா என்ன, நாமன்னா என்ன?"

"அப்போ நாமன்னு சொல்லியிருக்கலாமே."

வெகுநேரம் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "ரெண்டு ராத்திரி உக்காந்து கோடிங் மாத்தினேன், சால்டர் பண்ணினேன். சார் கேட்டப்போ எல்லாம் நானே செஞ்ச மாதிரிதான் மண்டையில் இருந்துச்சு. வேணும்னு சொல்லல" என்றாள். நான் நம்பினேன். நான் அனுப்பியது ஒரு வரி. அதை ஓட வைத்தது அவள்தான். அதற்காக வலி உடனே போய்விடவில்லை, அதையும் சொன்னேன். கைடிடம் அவளே போய்ச் சொல்ல வேண்டும், வைவாவில் அந்தப் பகுதியை நான் விளக்க வேண்டும், இவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். இரவெல்லாம் நான் கற்பனை செய்திருந்த காட்சி அது. கைடு "ஓ, அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டில் மார்ஜின் சரியில்லை என்று ஆரம்பித்துவிட்டார்.

அதன்பிறகு இரண்டு வாரம் நாங்கள் கொஞ்சம் மரியாதையாகவே பேசிக்கொண்டோம். வைவாவுக்கு முந்தின நாள் அவள் கேட்டாள்: "ஆமா, விட்டுவிட்டுக் கரண்ட் கொடுக்கலாம்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

சொன்னேன். பிடுங்கிய சென்சாரைப் பார்த்து அப்பாதான், "எந்நேரமும் கரண்டு ஓடிக்கிட்டே இருந்தா தேயாம என்ன செய்யும்? பார்க்கும்போது மட்டும் போட்டா ஆகாதா?" என்றார்.

"இதை நீ யார்கிட்டயும் சொல்லவே இல்லையேடி."

சொல்லவில்லைதான். அவளுக்கு அனுப்பிய செய்தியிலும் "எனக்கு ஒரு ஐடியா" என்றுதான் எழுதியிருந்தேன். அன்றிரவே நன்றியுரைப் பக்கத்தில் அப்பாவின் பெயரைச் சேர்த்து, அந்த ஒரு பக்கத்தை மறுபடி பிரிண்ட் எடுத்தோம். பைண்ட் செய்து வந்த பிறகு பார்த்தால் அவருடைய இனிஷியல் தப்பு. டைப் செய்தது நான்.