எப்பம் எடுக்காவ?

பூக்கடைக்கு இணையதளம் செய்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘இன்றைக்கே டெலிவரி வேண்டுமென்றால் எத்தனை மணிக்குள் ஆர்டர் வர வேண்டும்?’ என்பதுதான். நாகர்கோவில் கடைக்கு அந்தப் பதில் மதியம் 3 மணி. 3 மணிக்குள் ஆர்டர், இரவு 8 மணிக்குள் டெலிவரி. பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் இது சிக்கலில்லாமல் ஓடும். காலையில் தோவாளை சந்தையில் எடுத்த பூ மதியம் வரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார். முகூர்த்த நாளிலும் ஓணத்தை ஒட்டிய நாட்களிலும் அந்த 3 மணியை முற்பகலுக்கு இழுக்க ஒரு பொத்தான் இருந்தால் போதும்.

விவாதம் வந்தது அஞ்சலிப் பிரிவில். சந்தர்ப்ப வாரியாகப் பூக்களை அடுக்கும்போது ‘அஞ்சலி’ என்று ஒரு பக்கம் போட்டு, அதில் மலர் வளையமும் ரோஜா மாலையும் வைத்தோம். அந்தப் பக்கத்தில் மட்டும் ‘எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?’ என்று ஒரு கட்டம் வைத்து, அதை நிரப்பாமல் ஆர்டர் போகாது என்று அமைத்திருந்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னது இது: “துட்டி கேட்டு நிக்கவன்கிட்ட, எப்பம் எடுக்காவன்னு பெட்டி வச்சுக் கேப்பியா மக்கா? போன்ல நான் கேட்டா அது வேற.”

“மணி தெரியலன்னா வளையம் போய்ச் சேரும்போது வீடு காலியா இருக்கும் அண்ணாச்சி” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. யார் பக்கம் சரி என்பது இப்போதும் எனக்குத் தெளிவாக இல்லை.

என் பக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மார்த்தாண்டத்தைத் தாண்டி ஒரு வீடு, மாலை 4 மணிக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வளையம் அரை மணி முன்னதாகவாவது அங்கே இருக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாகப் போய், வீடு விசாரித்துச் சேர 75 நிமிடம். வளையம் கட்ட 45 நிமிடம். ஆர்டரைப் பார்த்து, விலாசத்தைப் போனில் உறுதி செய்ய 15 நிமிடம். மொத்தம் 165 நிமிடம். 4 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கடைசி நேரம் 1:15. துபாயிலிருக்கும் ஒருவர் அவருடைய 12:10-க்கு ஆர்டர் போட்டால் இங்கே 1:40. தளத்தின் பொது விதிப்படி 3 மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது. ‘இன்றே கிடைக்கும்’ என்று பச்சையில் காட்டும், பணமும் வாங்கிக்கொள்ளும். உண்மையில் 25 நிமிடம் முன்பே வாசல் அடைத்துவிட்டது. அதே வீட்டில் 5 மணிக்கு எடுப்பதாக இருந்தால் கடைசி நேரம் 2:15, ஆர்டர் தாராளமாகப் போய்ச் சேரும். ஆக, அந்த ஒரு மணி தெரியாமல் தளம் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமென்றால் கடிகாரம் முதலில் சரியாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு வரும் ஆர்டரில் வளைகுடாவைத் தவிர்த்துப் பேச முடியாது. வாங்குபவரின் போனில் உள்ள மணியை வைத்துக் கெடு பார்த்தால், துபாய்க்காரருக்கு ஒன்றரை மணி நேரமும் சவூதி, குவைத், கத்தார்க்காரருக்கு இரண்டரை மணி நேரமும் சும்மா கூடுதலாகக் கிடைத்துவிடும். ஆகவே கெடுவை சர்வரில், `Asia/Kolkata` நேரத்தில்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருமுறை பார்த்தால் போதாது, பணம் கட்டப் போகும் நிமிடத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். பக்கம் கேஷில் தங்கியிருந்தால், காலை 11 மணிக்கு உருவான ‘இன்றே கிடைக்கும்’ பட்டை மாலையிலும் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். சோதிப்பது எளிது: போனின் நேர மண்டலத்தைத் துபாய்க்கு மாற்றி, கெடு முடிந்த பத்தாவது நிமிடத்தில் ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு இடறல், சந்தர்ப்பத்தை எங்கே எழுதி வைப்பது என்பது. வெள்ளைச் சம்பங்கி மாலை கல்யாணப் பக்கத்திலும் இருக்கும், அஞ்சலிப் பக்கத்திலும் இருக்கும். சந்தர்ப்பத்தைப் பொருளின் மீது மட்டும் ஒட்டிவைத்தால், ஆர்டர் வந்தபின் அது எந்த வீட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. வாங்குபவர் எந்தப் பக்கம் வழியாக வந்தாரோ, அதைக் கூடையில் விழும் அந்த வரியோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். ஷாப்பிஃபையில் என்றால் `properties[_occasion]` என்று பெயர் வைத்தால் போதும். முன்னால் உள்ள அடிக்கோட்டினால் பணம் கட்டும் பக்கத்தில் வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியாது, கடைக்குத் தெரியும்.

அந்த ஒரு சொல் கையில் இருந்தால் வாழ்த்து அட்டையும் தானாகத் திருந்தும். பிறந்தநாளுக்கு நாலைந்து மாதிரி வரிகள் கொடுக்கலாம். அஞ்சலிக்கு மாதிரி வரியே வேண்டாம், அனுப்புகிறவர் பெயரும் ஊரும் எழுத இடம் இருந்தால் போதும், பத்தடி தள்ளி நின்று படிக்கிற அளவில் அச்சிட வேண்டும். எழுத்து வரம்பு வைக்கும்போது ஒன்று: `maxlength` தமிழ் எழுத்தை நாம் எண்ணுகிறபடி எண்ணாது. ‘கொ’ அதற்கு இரண்டு, ‘ஸ்ரீ’ நான்கு. 60 என்று வரம்பு வைத்தால், குடும்பத்தில் நாலு பேர் பெயரை எழுதும் முன்பே கட்டம் நின்றுவிடலாம். `Intl.Segmenter` கொண்டு எண்ணினால் அநேகமாகக் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கு ஒன்று என்று வரும், ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்து மட்டும் இரண்டாகும். விலைச்சீட்டு அட்டையோடு போகாதபடி தனியாக அச்சிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இப்படிக் கணக்காகச் சொல்லிக்கொண்டே போகும்போது நான் சொல்வதே சரி என்று தோன்றும். உடனே, அண்ணாச்சி பிறகு காட்டிய ஒரு விஷயம் குறுக்கே வரும். படிவத்தில் ‘பெறுபவர் போன் எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது, எல்லாப் பூக்கடைத் தளத்திலும் இருப்பதுதான். “இதுல எவன் நம்பரைப் போடுவான்? செத்தவரு நம்பரத்தான் போடுவான். அவன்ட்ட இருக்கது அதுதானே” என்றார். போனில் சேமித்திருப்பது அந்த எண்தான். அந்த எண்ணுக்கு ‘உங்களுக்கான பூக்கள் வந்துகொண்டிருக்கின்றன!’ என்று ஆச்சரியக்குறியோடு ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும். போனை யார் கையில் வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். என் 165 நிமிடக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

அஞ்சலிக்குத் தானியங்கிச் செய்தி எல்லாம் நிறுத்தப்பட்டது. கட்டத்தின் பெயர் ‘அந்த வீட்டுப் பக்கம் பேசக்கூடிய ஒருவர் எண்’ என்றானது. மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராவது. மணி கேட்கும் கட்டம் கட்டாயம் இல்லை என்றானது. பக்கத்திலேயே ‘தெரியாது, கடை விசாரிக்கட்டும்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் தளம் எந்த வாக்கும் தராது, பணமும் வாங்காது. ஆர்டர் அண்ணாச்சி போனில் ஒலிக்கும். அவர் விசாரித்து, நேரம் இருந்தால் பணம் கட்டும் இணைப்பை அனுப்புவார். முன்பே பணம் வாங்கிவிட்டு, முடியாது என்று திருப்பி அனுப்புவதைவிட இது தேவலை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

அதனால் வேலை சுலபமானது என்று சொல்ல மாட்டேன். மணி நன்றாகத் தெரிந்தவர்களும் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அண்ணாச்சி ஒருவரே பேசுவதால், அவர் தோவாளையில் பூ எடுத்துக்கொண்டிருக்கும் விடியற்காலையில் வருகிற ஆர்டர் காத்துக் கிடக்கும். கட்டாயமாக மணியைக் கேட்டிருந்தால் தளமே அரை நொடியில் சொல்லியிருக்கும். இதை அவரிடம் சொன்னேன். “காத்துக் கெடக்கட்டு, பேசினா அவனுக்கும் ஒரு ஆறுதல்லா” என்றார்.

கட்டாயமாக்கும் குறியீட்டு வரியை நான் அழிக்கவில்லை. அணைத்து மட்டும் வைத்திருக்கிறேன்.