நாலு நாள் நடைக்கு இரண்டரை கிலோ சாப்பாடு

முதல் மலையேற்றத்துக்கு நான் வாங்கிப்போன சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது. நாலு நாளுக்கு ரொட்டி, ஆப்பிள், வேகவைத்த பீன்ஸ் டின் ஆறு. இரண்டாம் நாள் காலையில் ரொட்டி பையின் அடியில் நசுங்கி உருண்டையாகிக் கிடந்தது. டின்களைத் தின்று தீர்த்த பிறகும் காலி டின்களைக் கீழே வரை சுமந்துதான் வர வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து காலி டின் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். நூறு கிராமுக்கு 80 கலோரி. 400 கிராம் டின் முழுவதும் சாப்பிட்டாலும் 320 கலோரிதான். அதே 320 கலோரி இரண்டு கைப்பிடி நிலக்கடலையில், அறுபது கிராமுக்குள் இருக்கிறது. நான் சுமந்ததில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் மலையில் ஓடையிலேயே கிடைத்தது!

அடுத்த பயணத்துக்கு நண்பனோடு கடைக்குப் போனபோது ஒரே ஒரு வேலைதான் செய்தோம். எடுத்த பாக்கெட்டையெல்லாம் திருப்பி, நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று பார்த்தோம். 400-க்குக் கீழே இருந்தால், தகுந்த காரணம் இல்லாமல் கூடைக்குள் போடவில்லை. இதில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. சில பாக்கெட்டுகளில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கணக்குதான் பெரிதாக இருக்கும். அதை விட்டுவிட்டு நூறு கிராம் கணக்கைத் தேட வேண்டும். கிலோஜூலில் மட்டும் போட்டிருந்தால் 4.2-ஆல் வகுத்தால் போதும்.

குளிர்பெட்டி விஷயம் இதைவிடச் சுலபம். கடையிலேயே குளிர்பெட்டியில் இருப்பதைத் தொடவில்லை. ஆனால் வெளி அலமாரியில் இருப்பவற்றிலும் 'திறந்த பின் குளிரில் வைக்கவும்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மீன் பாக்கெட் அப்படித்தான். திறந்தால் அந்த வேளையே முடித்துவிட வேண்டும். அதனால் பெரிய பாக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் சின்னதாகத்தான் எடுக்க வேண்டும்.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று கடைசியில் தேறியது இதுதான். காலையில் 80 கிராம் ஓட்ஸ், அதில் 30 கிராம் கொழுப்பு நீக்காத பால்பவுடர், ஒரு பிடி உலர்திராட்சை. நடக்கும்போது கொறிக்க 100 கிராம் கடலை, பாதாம் கலவையும் 50 கிராம் சாக்லேட்டும். மதியம் அடுப்பே பற்ற வைக்காமல் 80 கிராம் உப்பு பிஸ்கட், 50 கிராம் கடலை வெண்ணெய். இரவுக்கு இரண்டு நூடுல்ஸ் பாக்கெட், 40 கிராம் சோயா உருண்டை, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய். எல்லாம் சேர்த்து 620 கிராம், கிட்டத்தட்ட 3,000 கலோரி. நாலு நாளுக்கு இரண்டரை கிலோவில் முடிந்துவிட்டது. சோயா அந்த 400-ஐ எட்டாது. ஆனாலும் புரதத்துக்காக விட்டுவைத்தோம்.

அந்த எண்ணெய்தான் இதில் கெட்டிக்காரத்தனம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். இருபது கிராம் எண்ணெய் ஊற்றினால் இரவுச் சாப்பாட்டில் 180 கலோரி கூடுகிறது, பையில் தெரியவே தெரியாது. ஆனால் புட்டி கசிந்தால் தெரியும், நன்றாகவே தெரியும். திருகுமூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி, அதை இரண்டு உறைக்குள் போடுங்கள். நான் ஒரு உறையோடு நிறுத்தியதற்கு என் கம்பளி இன்னும் சாட்சி.

சாதாரண அரிசியையும் பருப்பையும் வேண்டுமென்றே தவிர்த்தோம். எடைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேக இருபது நிமிடம் ஆகும், அதற்கான எரிவாயுவையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். நூடுல்ஸ் கொதித்த மூன்று நிமிடத்தில் தயார். ஓட்ஸுக்கு வெந்நீர் ஊற்றி மூடி வைத்தாலே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு பொய்த்தது. மூன்றாம் நாள் கூடாரம் போட்ட மேட்டில் தண்ணீர் இல்லை. உலர்ந்த சாப்பாடு இலேசானது என்பதெல்லாம் முகாமில் தண்ணீர் இருக்கும்வரைதான். இரவுச் சாப்பாட்டுக்கும் காலை ஓட்ஸுக்குமாக இருவருக்கும் சேர்த்து இரண்டு லிட்டர், அதாவது இரண்டு கிலோ, கீழிருந்தே தூக்கிக்கொண்டு ஏறினோம். வரைபடத்தில் ஓடை இல்லாத இரவுக்கு வேகவைக்காத சாப்பாடாகப் பிரித்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், இனிப்பு. கடையில் நிற்கும்போது சாக்லேட்டும் திராட்சையும் எவ்வளவு வாங்கினாலும் தகும் என்று தோன்றும். மூன்றாம் நாள் மதியம் இளகி, மறுபடி இறுகி, வெளுத்துப்போன சாக்லேட்டை நீட்டினேன். நண்பன் கையெடுத்துக் கும்பிட்டான். வெளுத்தது கெட்டதில்லை, கொழுப்பு மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லியும் பலனில்லை. வியர்த்து நடக்கிறவனுக்கு உப்புதான் வேண்டியிருக்கிறது. உப்பு பிஸ்கட்டும் உப்புக்கடலையும் அதற்குள் தீர்ந்திருந்தன. சாக்லேட் கால் கிலோ அப்படியே வீடு திரும்பியது.