புள்ளிக்கு மேலே சுவர் இருக்கிறதா?

அலுவலகச் சுவரில் மாட்டிய அவசர வெளியேற்ற வரைபடத்தைப் போட்டோவாக வாங்கிச் சரிபார்க்கும்போது, முதலில் தேட வேண்டியது வெளியேறும் வழியை அல்ல, ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்ற புள்ளியைத்தான். அது தப்பாக இருந்தால், அம்புக்குறிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆளை எதிர்த்திசைக்குத்தான் அனுப்பும்.

இந்த வரைபடங்களுக்கான ISO 23601 தரநிலை, பார்ப்பவர் நிற்கும் திசைக்கு ஏற்பப் படம் திரும்பியிருக்க வேண்டும் என்கிறது. சுவரைப் பார்த்து நிற்பவருக்கு எது நேர் எதிரோ, அதுவே தாளில் மேல்பக்கம். இடக்கைப் பக்கம் இருப்பது தாளிலும் இடப்பக்கம் வர வேண்டும். வடக்கு எப்போதும் மேலே என்ற பள்ளிக்கூட வழக்கம் இங்கே செல்லாது.

இதிலிருந்தே, போட்டோவை மட்டும் வைத்துச் செய்யக்கூடிய ஒரு சோதனை கிடைக்கிறது. வரைபடம் மாட்டியிருக்கும் சுவர், பார்ப்பவரின் முகத்துக்கு எதிரே இருக்கிறது. ஆகவே தாளில் அந்தச் சுவரின் கோடு புள்ளிக்கு ஒட்டி மேலே வர வேண்டும். கோடு புள்ளிக்குக் கீழே இருந்தால் படம் தலைகீழ். பக்கவாட்டில் இருந்தால் கால்வட்டம் திரும்பிவிட்டது.

ஒரு மூன்றாம் தளத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக நீண்ட நடைபாதை, கிழக்கு முனையில் மாடிப்படி 1, மேற்கு முனையில் மாடிப்படி 2. வரைபடம் வடக்குச் சுவருக்காக வரையப்பட்டது. அதைப் பார்ப்பவர் வடக்கு நோக்கி நிற்பதால் மாடிப்படி 2 இடப்பக்கம் வருகிறது, சரி. பிறகு அதே கோப்பில் இன்னொரு பிரிண்ட் எடுத்து, புள்ளியை மட்டும் நகர்த்தி, எதிரே தெற்குச் சுவரில் மாட்டுகிறார்கள். அங்கே நிற்பவருக்கு இடக்கைப் பக்கம் கிழக்கு, அதாவது மாடிப்படி 1. தாளோ இடப்பக்கம் மாடிப்படி 2 என்கிறது. போட்டோவில் சுவர்க்கோடு புள்ளிக்குக் கீழே நிற்பதைப் பார்த்தே இதைப் பிடித்துவிடலாம்.

புள்ளியைக்கூட நகர்த்தாமல் மாட்டியிருந்தால்தான் சிக்கல். அப்போது கோடு புள்ளிக்கு மேலேயே இருக்கும், தாளில் குறையே தெரியாது. அதனால்தான் இரண்டு போட்டோ கேட்க வேண்டும்: ஒன்று தாள் மட்டும், மற்றொன்று நாலடி பின்னால் தள்ளி நின்று, இருபுறமும் உள்ள கதவுகள் தெரியும்படி. இரண்டாவது போட்டோவில் தாளுக்கு இடப்பக்கம் கழிப்பறைக் கதவு தெரிந்தால், வரைபடத்திலும் புள்ளிக்கு இடப்பக்கம் அது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

திருத்தும்போதும் ஒரு தவறு நடக்கிறது. இடம் வலம் மாறிவிட்டது என்றதும், வடிவமைப்பவர் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடுகிறார். மாடிப்படிகள் சரியான பக்கத்துக்கு வந்துவிடும். ஆனால் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டிய அறைகள் முகத்துக்கு எதிரே போய்விடும். படத்தை அரைவட்டம் சுழற்றி, எழுத்துகளை மட்டும் நிமிர்த்தி வைப்பதுதான் சரியான வழி.

புள்ளி சரியானால் வெளியேறும் வழிகளை எண்ணலாம். பச்சைக் குறிகளை எண்ணினால் கணக்குத் தப்பும், ஏனெனில் ஒரே மாடிப்படிக்குப் போகும் இரண்டு கதவுகளுக்கும் குறி இருக்கும். ஒவ்வொரு அம்புக்குறியையும் விரலால் தொடர்ந்து, அது எந்த மாடிப்படியில் முடிகிறது என்று பாருங்கள். லிப்டில் முடிந்தால் அது வழியே அல்ல. தலைப்பில் எழுதிய தள எண்ணையும் பாருங்கள். இரண்டாம் தளத்துத் தாள் மூன்றாம் தளத்தில் தொங்குவது அரிதல்ல.

கூடுமிடம் கட்டடத்துக்கு வெளியே இருப்பதால், பெரும்பாலும் மூலையில் ஒரு சிறு வளாகப் படமாக வரும். நான்கு மூலைகளிலிருந்தும் அம்புகள் மனிதர் கூட்டத்தை நோக்கும் பச்சைக் குறிதான் அது. பெரிய படத்தைத் திருப்பியவர்கள் இந்தச் சிறு படத்தை மறந்துவிடுவார்கள். அதனால் கட்டடத்தின் முன்வாசல் இரு படங்களிலும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

இதெல்லாம் தெரிய, போட்டோ தெளிவாக இருக்க வேண்டும். லேமினேஷன் மேல் பிளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டு நடுவில் விழுந்து, புள்ளியையே மறைத்துவிடக்கூடும். பிளாஷை அணைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் குறிவிளக்கத்தின் சிறிய எழுத்தும் படிக்க வரும். அந்தக் குறிவிளக்கம் கட்டாயம் தெரிய வேண்டும்: சில தாள்களில் புள்ளி நீலம், சிலவற்றில் சிவப்பு. சிவப்பாக இருந்தால் பக்கத்திலுள்ள தீயணைப்பானின் குறியைப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு, மொத்தத் தாளையும் தவறான இடத்திலிருந்து சரிபார்த்து முடித்துவிடுவோம்.