பரணில் ஆரம்பித்து பூஜை அறையில் முடித்தேன்

போன பொங்கலுக்கு நான் செய்த தப்பு, சமையலறையை முதலில் எடுத்ததுதான். மேடையெல்லாம் பளபளவென்று தேய்த்து முடித்த பிறகு பரண் ஞாபகம் வந்தது. அதிலிருந்த மூட்டைகளை இறக்கியதும் ஒரு வருடத்துத் தூசி மொத்தமும் மேடையிலேயே வந்து விழுந்தது. இந்த முறை போகி 14ஆம் தேதி என்பதால், ஜனவரி 1 அன்றே பரணில் ஏறிவிட்டேன்.

முதல் இரண்டு நாளும் பரணுக்கும், வீடு முழுக்க ஒட்டடைக்கும் போயின. போகிக்குக் கழிக்க வேண்டியதை ஒரு சாக்கில் கட்டி வாசல் பக்கம் வைத்தேன். எரிப்பதற்கில்லை, பழைய பேப்பர்காரருக்கு. அடுத்து படுக்கையறைகள். மார்கழிப் பனியில் கனத்த திரைச்சீலை காய ஒன்றரை நாளாவது ஆகிறது. அதனால் ஒரு நாளைக்கு ஓர் அறைத் திரையைத்தான் நனைத்தேன். எல்லாவற்றையும் ஒன்றாக ஊறப் போட்டால் காயப்போடக் கொடி இருக்காது, ஈரவாடைதான் மிஞ்சும்.

சமையலறைக்கு நான்கு நாள் ஒதுக்கினேன், அதுவும் போதவில்லை. அலமாரியை ஒரே மூச்சில் காலி செய்யாமல், தினமும் இரண்டு தட்டு மட்டும் இறக்கி, டப்பாக்களைக் கழுவி வெயிலில் வைத்தேன். அன்றைய சமையல் நிற்காமல் நடந்தது.

எக்ஸாஸ்ட் ஃபேனில்தான் சறுக்கினேன். பிசுக்கு போகட்டும் என்று கொதிநீரில் சலவை சோடாவைக் கரைத்து இறக்கையை ஊறப் போட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இறக்கை கறுத்துக் கிடந்தது. அலுமினியத்துக்கு சோடா ஆகாது. இரும்பு இறக்கையா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வெளிச்சட்டத்தைக் கழுவும்போது அந்தப் பாடத்தை மறக்கவில்லை. கெட்டிப் பிசுக்கை ஒரு பழைய அட்டையால் வழித்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போட்டுத் தேய்த்ததில் சுத்தமாக வந்தது. மோட்டாரில் மட்டும் தண்ணீர் படவிடவில்லை.

குளியலறை, கூடம் எல்லாம் தலைக்கு ஒரு நாளில் முடிந்தன.

பத்தாம் தேதியே பித்தளை விளக்குகளை எடுத்துவிட்டேன். அத்தை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பவே தேய்ச்சா பொங்கலுக்குள்ள மங்கிடும்மா. போகியன்னிக்கு எடு."

சரி என்று திருப்பி வைத்தேன். போகியன்று புளியும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து, அலசிய கையோடு பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்தேன். நடுவில் போன் வந்ததால் ஒரு குத்துவிளக்கைத் துடைக்காமல் விட்டேன். அதில் மட்டும் தண்ணீர்ப் பொட்டுகள் அப்படியே படிந்துவிட்டன. பொங்கலன்று அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.