முடிவு எடுக்காமல் கலைந்த மீட்டிங்குக்கு அப்புறம்

“சரி, எல்லாரும் யோசிச்சுட்டு வாங்க, திரும்பப் பேசலாம்” என்று ஒரு மீட்டிங் முடிந்தால், எதை யோசித்துவிட்டு வருவது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதே தலைப்பில் அதே ஆட்களை மறுபடி கூப்பிட்டால் அதே பேச்சுதான் நடக்கும். அதனால் அடுத்த சந்திப்புக்கு நேரம் கேட்பதற்கு முன்னால், முதல் சந்திப்பு எந்த இடத்தில் சிக்கியது என்று தேடுவேன்.

ஒருமுறை, சம்பளக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். மனிதவளப் பிரிவு உடனே மாறலாம் என்றது, கணக்குப் பிரிவு தயங்கியது, பழைய மென்பொருளின் உரிமம் முடியப்போகிறது என்று ஐடி ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். யார் எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பது மறப்பதற்குள், அன்றைக்கே உட்கார்ந்து குறிப்புகளைப் படித்தேன். பேச்சு எங்கெங்கோ போயிருந்தாலும் திரும்பத் திரும்ப வந்து முட்டியது ஒரே இடத்தில்தான்: “பிடித்தம் தப்பாப் போச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்று கணக்குப் பிரிவு மேலாளர் கேட்டார், அதற்கு யாரும் பதில் சொல்லாமல் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மாறுவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. தப்பு வந்தால், பணம் ஊழியர் கணக்குக்குப் போவதற்கு முன்பே எப்படித் தெரியும் என்பதுதான் கவலை.

அவரைத் தனியாகப் பிடித்து, “என்ன இருந்தா சார் நீங்க சரின்னு சொல்வீங்க?” என்று கேட்டேன். “ஒரு மாசமாவது ரெண்டுலயும் போட்டுப் பார்க்கணும், ஆனா அதுக்கு எங்ககிட்ட ஆள் இல்ல” என்றார். தயக்கம் காட்டுபவரிடம் இந்த ஒரு பேச்சு நடக்காமல் அடுத்த அழைப்பை அனுப்பவே கூடாது என்பது என் கருத்து. பொதுவில் சொல்லத் தயங்கும் விஷயம் இங்கேதான் வெளியே வரும்.

அப்புறம் கேள்வியை எழுதினேன். ‘புதிய மென்பொருள் விஷயத்தில் அடுத்து என்ன செய்யலாம்?’ என்று எழுதினால் மறுபடி ஒரு மணி நேரம் போகும். நான் எழுதியது இது: ‘முதல் மாதச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் சேர்த்துப் போட்டு ஒப்பிடுவதா, புதியதில் மட்டும் போடுவதா?’ இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியும், பதில் எதுவானாலும் மறுநாள் யாரோ ஒருவர் வேறு வேலை செய்ய வேண்டியிருக்கும். முக்கியமாக, பதில் சொல்லும் அதிகாரம் ஒரே ஆளிடம், நிதித் தலைவரிடம் இருந்தது. முதல் சந்திப்பிலும் அவர் இருந்தார், ஆனால் ‘நீங்கள் முடிவு சொல்லுங்கள்’ என்று யாருமே அவரிடம் கேட்கவில்லை.

முடிவெடுக்கத் தேவையான தகவல் எதுவும் பாக்கி இருந்தால் அதை முதலில் வாங்கிவிட வேண்டும். இங்கே இரண்டு இருந்தன: பழைய உரிமத்தை ஒரு மாதம் நீட்டிக்க முடியுமா, ஒப்பிடும் வேலைக்கு எத்தனை ஆள் தேவை. முதலாவதற்கு ‘முடியாது’ என்று பதில் வந்திருந்தால் கேள்வியே செத்துப்போயிருக்கும், சந்திப்பும் தேவைப்பட்டிருக்காது. பதில் கைக்கு வந்த பிறகே நேரம் கேட்டேன்.

அழைப்பின் தலைப்பிலேயே அந்தக் கேள்வியைப் போட்டேன். உள்ளே எழுதியது இவ்வளவுதான்:

‘மாறுவது என்பதில் எல்லோருக்கும் சம்மதம், அதை மறுபடி பேசப்போவதில்லை. உரிமத்தை ஒரு மாதம் நீட்டிக்கலாம் என்று பதில் வந்துவிட்டது. இரண்டிலும் போட்டால் கணக்குப் பிரிவுக்கு ஒரு ஆள் கூடுதலாக வேண்டும். புதியதில் மட்டும் போட்டால் அந்தச் செலவு இல்லை, ஆனால் தப்பைச் சம்பளம் போவதற்கு முன் பிடிக்க வழி இல்லை. முடிவு சொல்பவர் நிதித் தலைவர். 25 நிமிடம் போதும்.’

பிரிவுக்கு ஒருவரை மட்டும் கூப்பிட்டேன். மற்றவர்களுக்கு, முடிவு எழுத்தில் வரும், வேறு கருத்து இருந்தால் அதற்கு முன்பே சொல்லுங்கள் என்று தனியாக ஒரு வரி அனுப்பினேன். அப்படி அனுப்பாவிட்டால் விட்டுவிட்டார்கள் என்ற வருத்தம் வரும், முடிவை அப்புறம் கிளறுவார்கள். நிதித் தலைவர் வர முடியாத நேரமாக இருந்திருந்தால் தேதியை மாற்றியிருப்பேனே தவிர, அவர் இல்லாமல் நடத்தியிருக்க மாட்டேன்.

சந்திப்பில் நடுவே ஒருவர் வருகைப்பதிவு இணைப்பைப் பற்றி ஆரம்பித்தார். நல்ல கேள்விதான், ஆனால் இன்றைய பதிலை அது மாற்றாது என்பதால் தனியாகக் குறித்துக்கொண்டு எங்கள் கேள்விக்கே திரும்பினோம். கடைசியில் நிதித் தலைவர் சொன்னது என் இரண்டு தெரிவுகளிலும் இல்லாத ஒன்று: இரண்டிலும் போடுவோம், ஆனால் சம்பளப் பட்டியலில் உள்ள எல்லாத் தொகைகளையும் ஒப்பிட வேண்டாம், பிடித்தங்களையும் கைக்கு வரும் தொகையையும் மட்டும் ஒப்பிட்டால் போதும், மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் உதவிக்கு வரட்டும். கணக்குப் பிரிவு மேலாளர் உடனே தலையாட்டினார். யாரும் எழுவதற்கு முன் அந்த முடிவைத் திரையில் எழுதி, உதவிக்கு வருபவரின் பெயரையும் தேதியையும் சேர்த்து வாசித்துக் காட்டினேன். தேதியை மட்டும் இரண்டு நாள் தள்ளச் சொன்னார்கள், மாற்றி எழுதி அங்கிருந்தே எல்லோருக்கும் அனுப்பினேன்.