எழுவானில் 12 நாள், படுவானில் 17 நாள்

அந்தக் கடிதம் மார்கழி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் என் மேசைக்கு வந்தது. கையால் எழுதிய ஒன்றரைப் பக்கம். அடியில் ‘பிரதி: தலைமைக் காரியாலயம்’. உண்மையைச் சொன்னால் நான் முதலில் வாசித்தது அந்தக் கடைசி வரியைத்தான். வாசித்ததும் உள்ளே ஏதோ சுருக்கென்றது. மீதியை வாசித்தது அந்தச் சுருக்கோடுதான்.

அப்போது நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்ட இணைப்பாளர். வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஐந்து பேர். ஆளுக்கு 60 குடும்பம், மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்வர வேண்டும். அந்த ஐவரில் கடிதம் எழுதிய தங்கச்சிக்குக் கிடைத்திருந்தது முழுக்க ஆற்றுக்கு மேற்கே உள்ள படுவான்கரை. அவர் எழுதியிருந்தது மூன்று விடயம். தனக்கு மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாக் கிராமமும் தரப்பட்டிருக்கிறது. இரண்டு வருடமாகக் கூட்ட அறிக்கை எழுதும் வேலையும் தன் தலையில்தான். லீவு கேட்டாலும் மற்றவர்களுக்குப் போல் தனக்குக் கிடைப்பதில்லை.

அன்றைக்குப் பின்னேரமே பதில் எழுதி முடித்துவிட்டேன். அதில் இப்படி ஒரு பந்தி:

“தங்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகத் தாங்கள் கருதுவது கவலைக்குரியது. எனினும் சேவையின் தேவை கருதி, அனைத்து உத்தியோகத்தர்களுக்கும் 60 குடும்பங்கள் வீதம் சமமாகவே பங்கீடு செய்யப்பட்டுள்ளது. இவ்விடயத்தைத் தாங்கள் முன்னரே வாய்மொழியாகத் தெரிவித்திருக்கலாம்.”

எழுதும்போது மிக நிதானமாக இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. எங்கள் கணக்காளர் அக்கா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, இது பதில் மாதிரித் தெரியல்ல. வழக்குக்கு மறுமொழி எழுதின மாதிரிக் கிடக்கு. அந்தப் பிள்ள கேட்டதுக்கு இதில எங்க விடை?”

கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் இன்னொருமுறை வாசித்தபோது அவர் சொன்னது விளங்கிற்று. ‘கருதுவது’ என்ற சொல்லை எடுங்கள். ‘நீர் சொன்னது உண்மையோ பொய்யோ, அது உம்முடைய நினைப்பு’ என்பதை அந்த ஒரு சொல்லால் மரியாதையாகச் சொல்லிவிடலாம். ‘எனினும்’ அதற்கு முன்னால் சொன்ன கவலையைத் துடைத்துவிடுகிறது. ‘பங்கீடு செய்யப்பட்டுள்ளது’ என்பதில் பங்கிட்ட ஆளையே காணோம். பங்கிட்டவன் நான். காரியாலயத் தமிழ் எங்களுக்குப் பழக்கித் தந்த ஒளிவிடம் அந்தச் ‘செய்யப்பட்டது’. கடைசி வரி அதைவிட மோசம். ஏன் எழுத்தில் தந்தாய் என்று அதட்டுகிறது. எழுத்தில் தருவது அவருடைய உரிமை. அதோடு வாயால் இரண்டு தடவை சொல்லித்தான் இருந்தார். நான்தான் ‘பாப்பம்’ என்று அனுப்பியிருந்தேன்.

மறுநாள் ‘கடிதம் கிடைத்தது, பதிவேடுகளைப் பார்த்து 10 நாளுக்குள் எழுத்தில் பதில் தருவேன்’ என்று இரண்டு வரி மட்டும் கொடுத்தேன். பிறகு வெளிக்களப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இருந்தேன், மூன்று மாதத்துக்குரியதை.

குடும்பக் கணக்கில் பங்கீடு சமம்தான். நாள் கணக்கில் பார்த்தால் அப்படியில்லை. ஆற்றுக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஒரு நாளில் சராசரியாக 5 வீடு முடிகிறது. 60 வீட்டுக்கு 12 நாள். அந்தத் தங்கச்சியின் பதிவில் இரண்டு நாளைக்கு 7 வீடுதான் வருகிறது. வயலுக்குள் வீடு வீடாகத் தள்ளிக் கிடப்பது ஒரு காரணம். குருமண்வெளித் துறையில் ஆற்றைக் கடந்து மண்டூருக்குப் போகும் பாதைப் படகுக்குக் காத்து நிற்பது இன்னொன்று. மாரியில் காற்றடித்தால் பாதை ஓடாது. பட்டிருப்புப் பாலத்தால் ஏறி வெல்லாவெளி பார்த்துச் சுற்ற வேண்டும். பின்னேரம் யானைப் பயம், ஆகவே நாலு மணிக்கு முதல் திரும்பியாக வேண்டும். அவருக்கு 60 வீடு முடிய 17 நாள்.

இதோடு மாத அறிக்கைகளுக்கு ஆளுக்கு 4 நாள். மற்றவர்களுக்கு 16 நாளில் வேலை அடங்கிவிடுகிறது. இவருக்கு 21. மாதத்தில் வேலை நாளே 21, 22தான். அதற்கு மேலே கூட்ட அறிக்கை வேறு. அவருக்குத் தமிழ் தட்டச்சு சுத்தமாக வரும் என்பதால் ஒருநாள் நான் கொடுத்தது, அப்படியே அவரிடம் தங்கிவிட்டது. அவர் அதை எப்போது எழுதினார் என்று பார்த்தேன். மின்னஞ்சல் நேரமெல்லாம் இரவு பத்துக்குப் பின்.

லீவு விடயத்தில் மட்டும் பதிவேடு அவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. கேட்டது மூன்று, கிடைத்தது இரண்டு. மறுத்த ஒன்று மாதக் கடைசி. அதே வாரத்தில் கேட்ட இன்னொருவருக்கும் மறுத்திருக்கிறேன். இதைக் கண்டதும் எனக்குள் ஒரு சந்தோசம் வந்ததையும் சொல்லியாக வேண்டும். இதைப் பதிலின் தலைப்பில் போட வேண்டும் போல் கை அரித்தது. மூன்றாவதாக அவர் கேட்டதை மூன்றாவதாகவே வைத்தேன்.

இரண்டாம் தடவை எழுதிய பதிலின் நடுப்பகுதி இது:

“குடும்ப எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் பங்கிட்டேன். பயண நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. கடந்த மூன்று மாதப் பதிவின்படி தங்கள் வேலைக்கு மாதம் 21 நாள் தேவைப்படுகிறது. எழுவான்கரைப் பிரிவுகளுக்கு 16 நாள். கூட்ட அறிக்கையை இரண்டு வருடம் தங்களிடமே விட்டதும் நான்தான். தை மாதத்திலிருந்து அதை ஐந்து பேரும் முறைவைத்து எழுதுவோம். துறைக்குக் கிட்டவுள்ள 14 குடும்பங்களை வேறு இருவருக்கு மாற்றுகிறேன். மீதிக் குடும்பங்களை இந்த வருடம் மாற்ற முடியாது. அவர்கள் பாதித் திட்டத்தில் இருக்கிறார்கள். லீவு பற்றிப் பதிவேட்டில் உள்ளதை இணைத்துள்ளேன். அதில் விடுபட்டது இருந்தால் காட்டுங்கள், திருத்துகிறேன்.”

மற்றவர்களின் பெயரைப் போடவில்லை, பிரிவுகளை மட்டும் சொன்னேன். ‘இன்னார் உம்மைவிடக் கூடச் செய்கிறார்’ என்று ஒரு வரி விழுந்தால் அன்றைக்கே கன்ரீனில் சண்டை. மன்னிப்பையும் ஒரே வரியோடு நிறுத்தினேன். நாலு வரி மன்னிப்புக் கேட்டால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். பதிலைத் தலைமைக் காரியாலயத்துக்கும் அனுப்பினேன், அவர் அனுப்பிய இடம் என்பதால். கொடுக்கும்போது கையில் கொடுத்து, வாசித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் வந்தார். லீவுப் பக்கத்தை நீட்டி, “சேர், இது சரிதான். ஆனா நாலாவதாக் கேக்க வந்தன், உங்கட முகத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டன். அது பதிவில வராதுதானே?” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கோவையில் அவர் சொன்னபடியே ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்.

மாற்றம் தை மாதம் நடந்தது. 46 வீட்டோடு அவருடைய கணக்கு 17 நாளுக்கு இறங்கிற்று. ஏழேழு குடும்பம் ஏற்ற இருவருக்கும் அது 18 ஆனது. மாற்றிய குடும்பங்களில் ஒரு ஆச்சி புதிதாகப் போனவரோடு இரண்டு மாதம் பேசவே இல்லை, “எங்கட பிள்ள எங்க?” என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். அந்த இழப்பை நான் கணக்கில் போட்டிருக்கவில்லை.

பங்குனியில் அந்த இருவரில் ஒருவர் கதவடியில் வந்து நின்றார். “சேர், 18 நாள் எண்டு நீங்கதானே எழுதினீங்க. நானும் எழுத்தில தரட்டா?”

தரச்சொன்னேன்.